முணுமுணுப்பு நின்றால் ஏதோ இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் நாம் செய்த ஒரு பிழையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

அப்போது எமக்குத் தரம் 4 வகுப்பு. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் பார்த்தெழுதும்போதும், படத்துக்கு நிறந்தீட்டும்போதும் அவளிடமிருந்து ஒரு மெல்லிய சத்தம் வரும். அது பாட்டு இல்லை. அதில் சொல்லும் இல்லை. வாய் மூடியிருக்கும், மூக்கால் ஒரு மெட்டு வந்துகொண்டிருக்கும். ஒருநாள் வகுப்பு முழுக்க அமைதியாக இருந்த நேரம் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. வராந்தாவில் அதிபர் வேறு போய்க்கொண்டிருந்தார். நாம் சட்டென்று சொல்லிவிட்டோம்: "வாயை மூடிக்கொண்டு எழுது பிள்ளை. இது என்ன கலியாண வீடா?"

வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சத்தம் நின்றது. விசயம் முடிந்தது என்று நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

இரண்டு கிழமை கழித்துத்தான் கொப்பியில் வித்தியாசம் தெரிந்தது. பார்த்தெழுதுவதில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருந்தாள். பென்சிலைத் தீட்டிக்கொண்டே இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவளுடைய உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், இவ ஊட்ட எந்த வேல செஞ்சாலும் மெல்லப் பாடிக்கிட்டுத்தான் செய்வா. இப்ப கொஞ்ச நாளா சத்தமே இல்ல. ஸ்கூல்ல என்னவும் நடந்ததா?"

"ஒண்டும் இல்ல, சின்னப் புள்ளதானே, மாறிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். நடந்ததை எமது வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிரவுதான் முதல் தடவையாக யோசித்தோம். மனிதர் ஏன் வேலை செய்யும்போது முணுமுணுக்கிறார்கள்? கல்விக் கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்தோம், கவனம் பற்றிப் படித்தோம், நினைவு பற்றிப் படித்தோம். ஆனால் நமது வீட்டுக் குசினியில் ஒவ்வொரு நாளும் கேட்கும் இந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து உம்மாவைக் கவனிக்கத் தொடங்கினோம். அவருக்குத் தெரியாமல்தான். தெரிந்தால் நிறுத்திவிடுவார்.

உம்மா சுளகில் அரிசி புடைக்கும்போது முணுமுணுப்பார். தேங்காய் துருவும்போதும், சட்டி பானை கழுவும்போதும், உடுப்பு மடிக்கும்போதும் முணுமுணுப்பார். சில நேரம் அது ஸலவாத்து. சில நேரம் சின்ன வயதில் வயலில் கேட்ட கவியின் மெட்டு. சில நேரம் வானொலியில் கேட்ட ஏதோ ஒரு பழைய பாட்டு. எதுவென்று அவரிடம் கேட்டால், "நானா? நான் ஒண்டும் பாடல்லயே" என்பார். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

ஆனால் சில வேலைகளில் உம்மாவிடம் சத்தமே இருக்காது. உப்புப் பார்க்கும்போது, ஊசியில் நூல் கோர்க்கும்போது, மருந்துக் குளிசையை எண்ணி எடுக்கும்போது, கடைக் கணக்குப் பார்க்கும்போது எல்லாம் வாய் அமைதி.

ஒரு வெள்ளிக்கிழமை விருந்தாட்கள் வருவதாக இருந்தது. ஏழு சுண்டு அரிசி போட வேண்டும். உம்மா முணுமுணுத்துக்கொண்டே அரிசி வாளியைத் திறந்தார், சுண்டை எடுத்தார். முதல் சுண்டு கோலும்போது மெட்டு அறுந்தது. "லாபம், ரெண்டு, மூணு..." என்று உதடு மட்டும் அசைந்தது. நாம் வேண்டுமென்றே இடையில் "உம்மா, கறிக்கு இறைச்சி காணுமா?" என்று கேட்டோம். "பொறு மகள், எண்ணிக்கிட்டிருக்கன்ல" என்று கையை ஆட்டினார். ஏழு முடிந்தது. பானையைக் குழாயடிக்குக் கொண்டுபோய் அரிசியைக் கழையத் தொடங்கினார். ஒரு தண்ணி ஊற்றி, இரண்டாம் தண்ணி ஊற்றும்போது மெட்டு திரும்பவும் வந்தது. அதுவும் விட்ட இடத்திலிருந்தே வந்தது.

அப்போதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. முணுமுணுப்பு வேலையோடு சும்மா ஒட்டிக்கொண்டு வருவதில்லை. கை தானாகச் செய்யும் வேலையில் வருகிறது. வேலைக்குச் சொல்லோ எண்ணோ தேவைப்படும் நிமிடத்தில் விலகிக்கொள்கிறது. தேவை முடிந்ததும் திரும்பி வருகிறது.

இதற்குக் காரணம் என்ன?

நாம் மனதுக்குள் எண்ணுவது, ஒரு தொலைபேசி இலக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு பேனை தேடுவது, இரண்டெழுத்துச் சொல்லை எழுத்துக் கூட்டுவது எல்லாம் மனதுக்குள் ஒரு குரலால்தான் நடக்கிறது. வாய் திறக்காவிட்டாலும் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்கும். பிரித்தானிய உளவியலாளர்களான அலன் பேட்லியும் கிரஹம் ஹிச்சும் 1974இல் தற்கால நினைவைப் பற்றி எழுதியபோது, பின்னர் பேட்லி அதை விரித்தபோது, இந்த உட்குரலுக்குத் தனியாக ஓர் இடம் கொடுத்தார்கள். சோதனை மிகவும் எளிது. ஒருவரிடம் சில சொற்களைக் காட்டி நினைவில் வைக்கச் சொல்வார்கள். அதே நேரம் அர்த்தமில்லாத ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லச் சொல்வார்கள். நினைவு உடனே சரிந்துவிடும். வாயும் உட்குரலும் ஒரே பாதையைத்தான் பாவிக்கின்றன. ஒருவழிப் பாலம் மாதிரி. நமது பழைய இரும்புப் பாலத்தில் ரெயில் வந்தால் வாகனங்கள் இரண்டு பக்கமும் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஏழு சுண்டு அரிசி ரெயில் என்றால், உம்மாவின் மெட்டு பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற லொறி. ரெயில் போன பிறகு லொறி புறப்பட்டது.

சரி, பாலம் சும்மா கிடக்கிறது என்பதற்காக ஏன் ஒரு லொறி அதில் போக வேண்டும்? சும்மா கிடந்தால் என்ன?

மனம் சும்மா கிடக்காது என்பதுதான் பதில். அரிசி புடைப்பதற்குக் கையும் கண்ணும் போதும். மனதில் பெரும்பகுதி மிச்சமாக இருக்கிறது. அந்த மிச்சத்துக்கு எதுவும் கொடுக்காவிட்டால் அது தானாக ஒன்றைத் தேடிக்கொள்ளும். சவூதியில் இருக்கும் மகனிடமிருந்து அழைப்பு வரவில்லையே என்று போகும். சீட்டுக் காசுக்கு என்ன செய்வது என்று போகும். பக்கத்து வீட்டில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போகும். போனால் லேசில் திரும்பி வராது. கை புடைத்துக்கொண்டே இருக்கும், கல் அரிசியோடு பானைக்குள் போகும். ஒரு மெட்டு அந்த மிச்ச இடத்தை நிரப்புகிறது. முழுதாக நிரப்புவதும் இல்லை. வேலையைக் கவனிக்க இடம் விட்டு, கவலை புகுவதற்கு மட்டும் இடம் இல்லாதபடி நிரப்புகிறது.

இதற்குக் கிட்டிய ஒரு சோதனையை இங்கிலாந்தில் ஜாக்கி அன்ட்ரேட் என்ற உளவியலாளர் செய்து 2009இல் வெளியிட்டார். 40 பேரை எடுத்து, இரண்டரை நிமிடம் ஓடும் ஒரு சலிப்பான தொலைபேசிச் செய்தியைக் கேட்கச் சொன்னார். ஒரு விருந்துக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்ற செய்தி. பாதிப் பேருக்கு ஒரு தாளில் சின்னச் சின்ன உருவங்களைக் கொடுத்து, கேட்டுக்கொண்டே அவற்றுக்குள் நிரப்பச் சொன்னார். மற்றவர்கள் சும்மா கேட்டார்கள். பிறகு எதிர்பாராமல் கேள்வி கேட்டபோது, உருவம் நிரப்பியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவு சொன்னார்கள். இது முணுமுணுப்பைப் பற்றிய ஆய்வு இல்லை, கிறுக்குவதைப் பற்றியது. ஆனால் விசயம் ஒன்றுதான். சலிப்பான வேலையின்போது ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுத்தால் மனம் தூரப் போகாமல் பக்கத்திலேயே நிற்கிறது.

இதை வாசித்தபோது அந்தப் பிள்ளையின் கொப்பிதான் கண்ணுக்குள் வந்தது. விட்டுப்போன வரிகள், தீட்டிய பென்சில், ஜன்னல். நாம் அவளுடைய சத்தத்தை மட்டும் நிறுத்தவில்லை. அவளது மனதைக் கட்டி வைத்திருந்த கயிற்றை அறுத்துவிட்டோம்.

அப்படியென்றால் வகுப்பில் எல்லோரும் முணுமுணுக்கலாமா? முடியாது. அதற்கும் காரணம் இருக்கிறது.

ரிச்சர்ட் ஃபைன்மன் என்ற அமெரிக்க பௌதிகவியலாளரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோபல் பரிசு பெற்றவர். மாணவராக இருந்த காலத்தில் அவர் மனதுக்குள் ஒரே வேகத்தில் எண்ணப் பழகினார். எண்ணிக்கொண்டே என்னென்ன வேலை செய்ய முடியும் என்று தன்னைத்தானே சோதித்தார். படியேறிப் பார்த்தார், எண்ண முடிந்தது. வாசித்துப் பார்த்தார், அதுவும் முடிந்தது. ஆனால் பேசிக்கொண்டு எண்ண அவரால் முடியவில்லை. இதைச் சொன்னபோது ஜோன் டுக்கி என்ற கணிதவியலாளர் நம்பவில்லை. தன்னால் பேசிக்கொண்டு எண்ண முடியும், வாசித்துக்கொண்டுதான் எண்ண முடியாது என்றார். இரண்டு பேரும் செய்து காட்டினார்கள். இரண்டும் உண்மை. பிறகுதான் காரணம் தெரிந்தது. ஃபைன்மன் மனதுக்குள் இலக்கங்களைக் குரலாகச் சொல்லி எண்ணினார், அதனால் அவருக்கு வாய் வேண்டும். டுக்கி இலக்கங்கள் எழுதிய ஒரு நாடா மனக்கண்ணில் ஓடுவதைப் பார்த்து எண்ணினார், அதனால் அவருக்குக் கண் வேண்டும்.

ஒரே வேலையை இரண்டு மூளைகள் இரண்டு வழியில் செய்கின்றன. நமது வகுப்பிலும் அப்படித்தான். ஒரு பிள்ளை முணுமுணுத்துக்கொண்டு பார்த்தெழுதும், ஒன்றும் கெடாது. பக்கத்துப் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லி எழுதும். அதன் காதில் இந்த மெட்டு விழுந்தால் அதன் பாலத்தில் வேறொருவருடைய லொறி வந்து நிற்கும். ஆகவே முணுமுணுப்பவருக்கு உதவியாக இருப்பது பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சலாக இருக்கலாம். அன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி "சத்தம் போடலாமா கூடாதா" என்பது இல்லை. என்ன வேலை, யாருக்குப் பக்கத்தில் என்பதுதான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளிலும் இந்தக் கேள்வி வந்தது. பிபிசி 1940 ஜூன் மாதத்தில் தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரே வேலையை மணிக்கணக்காகச் செய்பவர்களுக்கு இசை போட்டார்கள். ஆனால் எல்லாப் பாட்டும் போடவில்லை. 'டீப் இன் த ஹார்ட் ஒஃப் டெக்ஸாஸ்' என்ற ஒரு பாட்டைத் தடை செய்தார்கள். அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. பாட்டுக்கு நடுவில் கை தட்டும் இடம் வரும். தொழிலாளர்கள் கையிலிருக்கும் கருவியைப் போட்டுவிட்டுக் கை தட்டிவிடுவார்கள் என்பதுதான் பயம். மிச்ச மனதுக்குத் தீனி போடும் பாட்டு நல்லது. வேலை செய்யும் கையையே பறிக்கும் பாட்டு ஆகாது.

நமது வயல்களில் இதற்கு வேறொரு வழி இருந்தது. வெட்டும்போது கவி, களவெட்டியில் சூடு மிதிக்கும்போது பொலிப் பாட்டு. அவை சத்தமாகப் பாடுவது, கூட்டமாகப் பாடுவது. எல்லோருடைய கையும் காலும் ஒரே வேகத்தில் போக வேண்டும், இரவில் மாட்டுக்குப் பின்னால் நடப்பவனுக்கு நித்திரை வரக்கூடாது என்பதற்காகப் பாடுவது. முணுமுணுப்பு அதன் தனியான தங்கச்சி. யாருக்கும் கேட்க வேண்டியதில்லை. வேகத்தையும் தானே வைத்துக்கொள்ளும். இப்போது மெசின் வந்து வெட்டும் அடிப்பும் ஒன்றாகிவிட்டது. கூட்டமாகப் பாட வேலையே இல்லை. குசினியில் தனியாக நிற்கும் உம்மாவிடம் தங்கச்சி மட்டும் மிச்சம்.

விசிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூரில் சீட்டியடிப்பதை யாரும் விரும்புவதில்லை. சின்ன வயதில் "சீட்டியடிச்சா பாம்பு வரும்" என்று பயங்காட்டுவார்கள். மார்க்கச் சட்டம் பேச நாம் வரவில்லை, அது உலமாக்களின் வேலை. ஆனால் பிரதான வீதியில் எமது ஸ்கூட்டியைத் திருத்தும் தம்பி பல்லுக்கிடையால் காற்றை விட்டு மெல்ல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டுதான் நட்டுக் கழற்றுவார். அவருக்கும் அது தெரியாது. ஒருநாள் கழற்றிப் பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணினார். அந்த நொடியில் சத்தம் நின்றது. தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்டார். அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் காது தேவைப்பட்டது. "இன்னும் ஒரு சத்தம் இரிக்கி டீச்சர்" என்று திரும்பவும் கழற்றினார். கழற்றும்போது பல்லுக்கிடையால் மெட்டு திரும்பியது. இரண்டாம் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கினார். சரியாகிவிட்டது என்று அவர் சொல்வதற்கு முன்பே எமக்குத் தெரிந்தது.

மெட்டு நிற்பதை வைத்து ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்குப் புதிதில்லை. எமது வயதுக்காரர்களுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும்.

யுத்த காலத்து இரவுகள். குப்பி விளக்கு. வாப்பா பாலம் தாண்டி வாழைச்சேனைக்கு வேலைக்குப் போயிருப்பார். உம்மா பன் பாய் இழைத்துக்கொண்டிருப்பார். நாம் தலையணையில் படுத்துக்கொண்டு அவருடைய முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தச் சத்தம் கேட்கும்வரை நித்திரை வரும். சில இரவுகளில் நடுவில் அது நிற்கும். உடனே எமக்குக் கண் முழித்துவிடும். சுவருக்கு அப்பால் சாச்சியும் முழித்திருப்பார். யாரும் எதுவும் பேச மாட்டோம். தூரத்தில் ஏதோ ஒரு வாகனம், அல்லது நாய்கள், அல்லது ஒன்றுமே இல்லை. உம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு பன் ஓலை சரசரக்கும், மெட்டு வரும். அதன் பிறகுதான் எமக்கு மூச்சு வரும். வாப்பா பிந்தி வந்த இரவுகளில் படலைச் சத்தம் கேட்கும்வரை மெட்டு வராது.

ஜோர்ஜியாவில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் ஜோசப் ஜோர்டானியா என்ற இசை ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்கிறார். கூட்டமாக வாழும் பல பிராணிகள் மேயும்போது சின்னச் சின்னச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். நமது முற்றத்துக் கோழிகளைப் பாருங்கள், கிளறிக்கொண்டே கொக்கொக் என்று மெல்லப் பேசிக்கொண்டிருக்கும். நான் இங்கே இருக்கிறேன், எல்லாம் சரி என்பதுதான் அதன் அர்த்தம். பருந்தின் நிழல் விழுந்தால் சத்தம் நிற்கும், எல்லாக் கோழியும் அப்படியே நிற்கும். ஆதி மனிதருடைய முணுமுணுப்பும் இப்படித் தொடங்கியிருக்கலாம், அதனால்தான் முழு அமைதி நமக்கு ஒரு பயத்தைத் தருகிறது என்கிறார் அவர். இது ஒரு கருதுகோள். ஆதி மனிதரின் சத்தம் எலும்போடு மண்ணில் கிடைப்பதில்லை, ஆகவே நிரூபிப்பது கஷ்டம். ஆனால் குப்பி விளக்கு வெளிச்சத்தில் படுத்திருந்த எமக்கு அதை விளங்கிக்கொள்ளக் கஷ்டம் இருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முணுமுணுப்பவர் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ஐரா ஹைமன் என்பவரும் அவரது குழுவினரும் தலைக்குள் தானாக ஓடும் பாட்டுகளைப் பற்றி 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாட்டுக் கேட்கச் செய்த பிறகு புதிர்களைக் கொடுத்தார்கள். புதிர் மிக லேசாக இருந்தால் பாட்டுத் தலைக்குள் திரும்பி வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் புதிர் மிகக் கஷ்டமாக இருந்தபோதும் திரும்பி வந்தது. முடியாது என்று மனம் கைவிட்டால் அங்கேயும் இடம் காலியாகிறது. நடுத்தரமான புதிரில்தான் பாட்டு ஒதுங்கி நின்றது.

ஆசிரியர்களுக்கு இது முக்கியம். பார்த்தெழுதும்போது முணுமுணுக்கும் பிள்ளை வேலையோடு இருக்கிறது. பின்னக் கணக்குக்கு முன்னால் முணுமுணுக்கும் பிள்ளை ஒருவேளை வேலையை விட்டுவிட்டது. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கையைப் பாருங்கள். மெட்டோடு கையும் ஓடினால் விட்டுவிடுங்கள். மெட்டு ஓடுகிறது, பென்சில் நிற்கிறது என்றால் பக்கத்தில் போய் உட்காருங்கள். வாயை மூடச் சொல்ல வேண்டாம், கணக்கைத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள். சில பிள்ளைகள் சுற்றியிருக்கும் இரைச்சல் தாங்காமல் அதை மறைக்கவும் முணுமுணுப்பார்கள். அங்கேயும் குறைக்க வேண்டியது பிள்ளையின் சத்தத்தை இல்லை.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சின்ன வேலை சொல்கிறோம். ஒரு பிடி புளியங்கொட்டை எடுங்கள். முதலில் சும்மா எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒரு பாட்டைச் சொற்களோடு பாடிக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள். அதன் பிறகு, எண்ணாமல் பெரிய கொட்டை ஒரு பக்கம் சின்னக் கொட்டை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே பாடச் சொல்லுங்கள். எண்ணிக்கை எங்கே பிழைக்கிறது, பிரிப்பது எங்கே லேசாகப் போகிறது என்று பிள்ளையே சொல்லும். உங்கள் வீட்டில் ஒரு டுக்கி இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இனி அந்தப் பிள்ளையின் கதை.

நாம் வகுப்பில் ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் சொன்னோம்: "அன்றைக்கு டீச்சர் கலியாண வீடா என்று கேட்டது பிழை." அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னோம். ஆனால் யாருக்கு என்று எல்லோருக்கும் விளங்கியது. அன்று சிரித்தது வகுப்பு முழுக்க என்பதால் இன்று வருந்துவதும் வகுப்புக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பிறகு ஓர் ஒழுங்கு வைத்தோம். நிறந்தீட்டும்போதும், ஒட்டு வேலையின்போதும், பார்த்தெழுதும்போதும் தனக்கு மட்டும் கேட்கும் அளவில் முணுமுணுக்கலாம். பக்கத்தில் இருப்பவர் கை காட்டினால் நிறுத்த வேண்டும். வாசிப்பிலும், சொல்வதெழுதலிலும், மனக் கணக்கிலும் எல்லோரும் அமைதி. அவளை ஜன்னலோரம் கடைசி மேசைக்கு மாற்றினோம். தண்டனை இல்லை, அவளிடம் கேட்டுத்தான் மாற்றினோம்.

அவள் உடனே முணுமுணுக்கவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மற்றப் பிள்ளைகளில் நாலைந்து பேர் தொடங்கிவிட்டார்கள். அவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு எழுதினாள். ஒரு நொடியில் நாம் நிறுத்தியதை ஒரு நொடியில் தொடக்கி வைக்க முடியவில்லை. முணுமுணுப்பு தெரியாமல் வருவது. கட்டளைக்கு வராது. "பாடு பிள்ளை" என்று சொன்னால் அது பாட்டாகிவிடும், முணுமுணுப்பாக இருக்காது.

மூன்றாம் தவணையில் ஒரு நாள் நிறத்தாள் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை. கடைசி மேசையிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. நாம் அறியாமல் தலையை நிமிர்த்திவிட்டோம். அவள் கண்டுவிட்டாள், சத்தம் நின்றது.

எமக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வரவு இடாப்பைத் திறந்து, எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் அதற்குள் குனிந்துகொண்டோம். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கத்தரிக்கோல் சத்தம். அதற்குப் பிறகு, முன்னையைவிடச் சின்னதாக, அந்த மெட்டு.

அன்று பின்னேரமே அவளுடைய உம்மாவுக்கு அழைப்பெடுத்து, அந்தப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லாமல் விட்டதைச் சொன்னோம்.